உட்கார்ந்தால் 96, நடந்தால் 86

மூச்சு வாங்குகிறது என்று வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்க்கிறார்கள். 96 என்று காட்டுகிறது. ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதே மனிதரை மருத்துவமனை வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தால், எண் 86க்கு இறங்கியிருக்கும். இரண்டு எண்களும் உண்மைதான். நுரையீரலில் தழும்பு படரும் ஃபைப்ரோசிஸ் நோயின் தொடக்கக் கட்டத்தில் பலரிடம் இந்த வித்தியாசம்தான் முதலில் தென்படுகிறது. உட்கார்ந்திருக்கும்போது ஒளிந்துகொள்ளும் நோய் நடக்கும்போது ஏன் வெளியே வருகிறது என்பதற்கான விடை, நுரையீரலின் மெல்லிய சுவர் ஒன்றில் இருக்கிறது.

நாம் இழுக்கும் காற்று மூச்சுக்குழாய்க்குள் கிளை கிளையாகப் பிரிந்து சென்று, கடைசியில் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. ஒவ்வொரு நுண்ணறையும் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்து இவை 30 கோடி என்று ஒரு காலத்தில் கணக்கிட்டார்கள். பிந்தைய ஆய்வு 48 கோடி என்கிறது. நுண்ணறையின் வெளிப்புறத்தை நுண் இரத்தக் குழாய்கள் வலைபோலச் சுற்றியிருக்கின்றன. உள்ளே காற்று, வெளியே இரத்தம், நடுவில் ஒரு சுவர். நுண்ணறையின் தட்டையான செல், இரத்தக் குழாயின் தட்டையான செல், இரண்டையும் ஒட்டவைத்திருக்கும் மெல்லிய அடிப்படலம், இவ்வளவுதான் அந்தச் சுவர். ஆக்சிஜன் இதைக் கடந்தாக வேண்டும்.

எப்படிக் கடக்கிறது என்பதில் ஒரு நூற்றாண்டுக்கு முன் கடுமையான சண்டையே நடந்தது. நுரையீரல் ஒரு சுரப்பி மாதிரி வேலை செய்து ஆக்சிஜனைத் தானே இரத்தத்துக்குள் தள்ளுகிறது என்று டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் நம்பினார். இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தந்தை இவர். பிரிட்டனின் ஜே.எஸ். ஹால்டேனும் அதே கட்சி. போரின் மாணவர் ஆகஸ்ட் க்ரோ, மருத்துவரான தன் மனைவி மரீயுடன் சேர்ந்து இதைச் சோதிக்க இறங்கினார். தமனி இரத்தத்தில் ஒரு மிகச் சிறிய காற்றுக் குமிழியை விட்டு, அது இரத்தத்தோடு சமநிலைக்கு வந்ததும் குமிழியில் உள்ள ஆக்சிஜனை அளப்பது அவர்களுடைய முறை. தள்ளுகிற வேலை ஏதாவது நடந்தால், என்றாவது ஒரு நாள் இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் நுண்ணறைக் காற்றின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். எத்தனை முறை அளந்தும் அப்படி அமையவில்லை. காற்றில்தான் எப்போதும் கூடுதல். 1910இல் இருவரும் ஏழு கட்டுரைகளை ஒன்றாக வெளியிட்டு ஆசிரியரின் கொள்கையை மறுத்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகவே செல்கிறது, விரவல் மட்டுமே போதும் என்று அவர்கள் சொன்னதுதான் நிலைத்தது. 

இந்த முடிவை நான் சற்றுக் கூடுதலாகவே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தள்ளுவதற்கு எந்த ஏற்பாடும் இல்லையென்றால், சுவர் பழுதானபின் உடல் முயன்று ஈடுகட்ட வழியில்லை. எல்லாமே அந்தச் சுவரின் அளவுகளைப் பொறுத்துத்தான்.

அந்த அளவுகள் எவை என்பதை 1855இலேயே அடால்ஃப் ஃபிக் எழுதிவிட்டார். அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். உப்பு தண்ணீரில் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், வெப்பம் ஓர் உலோகத் தண்டின் வழியே செல்வதற்கான கணக்கே இதற்கும் பொருந்தும் என்று கண்டார். சவ்வைக் கடக்கும் வாயுவுக்கு அது இப்படி வரும்:

V = D × A × (P1 − P2) / T

V என்பது ஒரு நிமிடத்தில் கடக்கும் வாயுவின் அளவு. A பரப்பு, T சுவரின் தடிமன், P1 − P2 இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம். D அந்தந்த வாயுவின் இயல்பு. பரப்பு பாதியானால் கடக்கும் வாயுவும் பாதி. தடிமன் இரட்டித்தாலும் பாதி. பார்க்க எளிய சூத்திரம்தான். ஆனால் நுரையீரலில் இந்த ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

தடிமனை முதலில் பார்ப்போம். சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இல்லை. இரத்தக் குழாயின் ஒரு பக்கம் 0.2, 0.3 மைக்ரான் அளவுக்கு மெலிந்திருக்கும். மறுபக்கத்தில் கொலாஜன் இழைகள் ஓடுவதால் சில மைக்ரான் வரை போகும். மெல்லிய பக்கம் வாயுவுக்கு. தடித்த பக்கம் நுரையீரலைத் தாங்கிப் பிடிக்க. நுரையீரலை மின்னணு நுண்ணோக்கியில் அளந்தே வாழ்நாளைச் செலவிட்ட சுவிட்சர்லாந்தின் எவால்ட் வைபெல், இப்படிப்பட்ட சுவருக்குச் சாதாரண சராசரி போட்டால் ஏமாந்துவிடுவோம் என்று காட்டினார். ஒரு சுவரில் பாதிப் பரப்பு 0.2 மைக்ரான், மறுபாதி 2 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சராசரி 1.1 மைக்ரான். ஆனால் வாயு மெல்லிய பாதியில் பத்து மடங்கு வேகமாகப் போகிறது. மொத்தமாக எவ்வளவு கடக்கிறது என்று கணக்கிட்டால், அது முழுக்க 0.36 மைக்ரான் தடிமனுள்ள சுவர் ஒன்றுக்குச் சமம். ஆக, வாயுவைப் பொறுத்தவரை சுவரின் மெல்லிய இடங்கள்தான் கணக்கு. உண்மையான மனித நுரையீரலுக்கு இப்படிக் கணக்கிட்ட தடிமன் சுமார் 0.6 மைக்ரான் வருகிறது.

ஃபைப்ரோசிஸில் தழும்பு இழைகள் இந்த மெல்லிய இடங்களுக்குள்ளும் நுழைகின்றன. மேலே சொன்ன சுவரில் 2 மைக்ரான் பகுதி 3 மைக்ரானாகத் தடித்தால் பெரிய நட்டம் இல்லை. பழைய அளவில் 97 சதவீதம் கடந்துவிடும். 0.2 மைக்ரான் பகுதி அதே ஒரு மைக்ரான் தடித்து 1.2 ஆனாலோ, கடக்கும் வாயு கால்வாசிக்கும் கீழே போய்விடுகிறது. ஒரே அளவு தழும்பு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து விளைவு இவ்வளவு மாறுகிறது.

சுவர் இன்னும் மெலிந்திருக்கலாமே என்று தோன்றும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. மெல்லிய பக்கத்துக்குப் பலம் தருவது அடிப்படலத்தில் உள்ள கொலாஜனின் மிக நுண்ணிய அடுக்கு ஒன்றுதான். இரத்த அழுத்தம் அளவு மீறினால் அது கிழியும். பந்தயக் குதிரைகள் முழு வேகத்தில் ஓடும்போது நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் அவ்வளவு ஏறி, சுவர் கிழிந்து, மூச்சுக்குழாயில் இரத்தம் கசிவதைக் குதிரை மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கிறார்கள். நுரையீரல் சுவர், கிழியாமல் எவ்வளவு மெலிய முடியுமோ கிட்டத்தட்ட அவ்வளவு மெலிந்து நிற்கிறது.

பரப்பின் கதை வேறு. ஆரோக்கியமான நுரையீரலில் வாயு கடக்கும் பரப்பு 70 சதுர மீட்டர் வாக்கில், அதாவது ஏறத்தாழ 750 சதுர அடி. மூச்சை முழுக்க இழுத்துப் பிடித்த நிலையில் அளந்தால் இன்னும் கூடும். ஐந்தாறு லிட்டர் கொள்ளளவுக்குள் இவ்வளவு பரப்பு அடங்குவதற்கு அறைகள் சிறியவையாக இருப்பதே காரணம். எட்டுச் சிறு உருண்டைகளை உடைத்து அதே கொள்ளளவுள்ள ஒரே உருண்டையாக்கினால் பரப்பு சரிபாதியாகிவிடும். புகைபிடிப்பவர்களுக்கு வரும் எம்ஃபைசீமாவில் நடப்பது இதுதான். நுண்ணறைகளுக்கு இடையிலான தடுப்புகள் அழிந்து, பல அறைகள் ஒன்றாகின்றன. எக்ஸ்ரேயில் நுரையீரல் பெரிதாக, காற்று நிறைந்து தெரியும். காற்று இருக்கிறது, பரப்பு இல்லை. தடுப்போடு அதில் ஓடிய இரத்தக் குழாய்களும் போய்விடுகின்றன. இரத்தம் தொடாத பரப்பு எவ்வளவு இருந்தும் பயனில்லை.

இனி அழுத்தம். கடல் மட்டத்தில் நுண்ணறைக் காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம். உடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் இரத்தத்தில் 40. வித்தியாசம் 60. இந்த 60 நிலையாக நிற்பதில்லை என்பதை மறக்கக்கூடாது. இரத்தம் நுண்ணறையைத் தொட்ட கணத்திலிருந்து அதன் அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. ஏற ஏற வித்தியாசம் சுருங்கி, ஆக்சிஜன் வருவதும் மெதுவாகிறது. ஆரோக்கியமான நுரையீரலில் இரத்தம் ஏறக்குறைய கால் நொடியில் 100ஐத் தொட்டுவிடும். அதன்பின் வித்தியாசமும் இல்லை, கடத்தலும் இல்லை. முழுப் பயணத்துக்கும் சராசரி எடுத்தால் வித்தியாசம் 11 மி.மீ. அளவுதான். இந்தச் சுவர் ஒவ்வொரு மி.மீ. வித்தியாசத்துக்கும் நிமிடத்துக்கு 21 மில்லிலிட்டர் ஆக்சிஜனை விடுகிறது. இரண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்கு 230 மில்லிலிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் உடலுக்கு ஏறத்தாழ அவ்வளவுதான் தேவை.

ஒரு சிவப்பணு நுண்ணறையை ஒட்டி ஓடும் நேரம் ஓய்வில் முக்கால் நொடி. ஆக்சிஜன் ஏறக் கால் நொடி போதும். மூன்று நிமிடம் நிற்கும் ரயிலில் ஒரே நிமிடத்தில் எல்லோரும் ஏறிவிட்டதைப் போல, மீதி இரண்டு பங்கு நேரம் உபரி. இந்த உபரிதான் நோய்க்கு ஒளிவிடம். சுவர் தடித்துக் கடத்தல் மந்தமாகி, கால் நொடி வேலைக்கு அரை நொடி பிடித்தாலும், முக்கால் நொடிக்குள் முடிந்துவிடுகிறது. இரத்தம் முழு ஆக்சிஜனோடு வெளியேறுகிறது. விரலில் 96.

ஒருவரை எடுத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். வயது 60க்கு மேல், சுவரின் கடத்தும் திறன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்திருக்கையில் அவருடைய சிவப்பணு முக்கால் நொடியையும் செலவழித்து 80க்கு மேல் எட்டிவிடுகிறது. 80 மி.மீ.க்கே ஹீமோகுளோபின் 95 சதவீதத்துக்கு மேல் நிறைந்துவிடும். இனி அவர் மாடிப்படி ஏறுகிறார். இதயம் இரண்டு மடங்கு இரத்தத்தைத் தள்ளுகிறது. சிவப்பணுவுக்குக் கிடைக்கும் நேரம் 0.4 நொடியாகிறது. தசைகள் ஆக்சிஜனை அதிகம் உறிஞ்சிவிட்டதால் இரத்தம் 40க்குப் பதில் 30 மி.மீ.இல் வந்து சேர்கிறது. ஏற வேண்டிய தூரம் கூடிவிட்டது, நேரம் குறைந்துவிட்டது. அவர் இரத்தம் 52, 53 மி.மீ.இலேயே வெளியேறுகிறது. அந்த அழுத்தத்தில் ஹீமோகுளோபின் நிரம்புவது 86 சதவீதம்தான்.

ஆரோக்கியமானவர் படி ஏறும்போதும் நேரம் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் அவருடைய நுரையீரலில் ஓய்வின்போது மூடிக்கிடந்த இரத்தக் குழாய்கள் திறந்துகொள்கின்றன, திறந்தவை விரிகின்றன. இரத்தம் தொடும் பரப்பு கூடி, மி.மீ.க்கு 21 மில்லிலிட்டர் என்றிருந்தது கடும் உழைப்பில் 65 வரை போகிறது. தழும்பு விழுந்த நுரையீரலில் திறக்க வேண்டிய குழாய்களே இறுகிப்போயிருக்கின்றன. ஆக, நோயாளிக்குத் தடிமன், பரப்பு இரண்டும் ஒருசேரக் கைவிடுகின்றன.

சுவரில் எந்தக் குறையும் இல்லாமலேயே இதே நிலை வர முடியும். எவரெஸ்ட் உச்சியில் 1981 அக்டோபரில், ஜான் வெஸ்ட் தலைமையிலான மருத்துவ ஆய்வுக் குழுவின் கிறிஸ் பிஸ்ஸோ காற்றழுத்தத்தை அளந்தார்: 253 மி.மீ. கடல் மட்டத்தில் அது 760. உச்சியில் மலையேறிகள் வெறிபிடித்தாற்போல் மூச்சு வாங்கியும் நுண்ணறையில் ஆக்சிஜன் அழுத்தம் 35 மி.மீ.தான். தள்ளும் வித்தியாசம் அவ்வளவு சிறுத்துவிட்டதால், உலகின் மிகச் சிறந்த நுரையீரல்களில்கூட இரத்தம் அந்த 35ஐ எட்டாமலேயே வெளியேறுகிறது. தமனியில் 28 மி.மீ. வாக்கில் இருக்கும் என்று வெஸ்ட் கணக்கிட்டார். ஃபைப்ரோசிஸ் நோயாளிக்குத் தடிமனால் வரும் தடையை மலையேறிக்கு அழுத்தம் கொண்டுவருகிறது, சூத்திரம் ஒன்றே.

நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுப்பதும் இதே கணக்கின் மறுபக்கம். தடித்த சுவரை மெலிய வைக்க முடியாது, போன பரப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கைக்கு எட்டுவது P1 மட்டும். மூச்சுக் காற்றில் ஆக்சிஜனை 21 சதவீதத்திலிருந்து 28 ஆக்கினால் நுண்ணறை அழுத்தம் 100இலிருந்து 150க்கு ஏறுகிறது. உள்ளே வரும் இரத்தத்தோடு வித்தியாசம் 60 இருந்தது 110 ஆகிறது. மூக்கில் மாட்டும் சிறு குழாய் இவ்வளவு உதவுவதற்குக் காரணம் அதுதான்.

இந்த நோயாளிகளுக்கு ஆக்சிஜன் குறையும்போது கார்பன் டை ஆக்சைடு ஏன் தேங்குவதில்லை என்று பலர் கேட்பதுண்டு. அது D செய்யும் வேலை. கார்பன் டை ஆக்சைடு ஈரமான திசுவில் ஆக்சிஜனைவிட மிக நன்றாகக் கரைவதால் சுமார் இருபது மடங்கு வேகமாகச் சுவரைக் கடக்கிறது. வெறும் 5, 6 மி.மீ. வித்தியாசத்திலேயே முழுவதும் வெளியேறிவிடும். இரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் தாழ்ந்து, கார்பன் டை ஆக்சைடு சரியாகவோ சற்றுக் குறைந்தோ இருந்தால், மருத்துவரின் சந்தேகம் சுவரின் பக்கம் திரும்புகிறது.

சுவரை நேரடியாகவே அளக்கவும் ஒரு சோதனை இருக்கிறது. அதன் மூல முறையை 1915இல் வெளியிட்டவர் அதே மரீ க்ரோ. மூச்சை முழுக்க வெளியே விட்டு, 0.3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒரே மூச்சில் நிறைய இழுத்து, பத்து நொடி அடக்கி, வெளியே விட வேண்டும். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு திரும்பியது என்ற கணக்குதான் விடை. நச்சுவாயுவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஹீமோகுளோபின் அதை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. அதனால் இரத்தத்தின் பக்கம் அதன் அழுத்தம் கிட்டத்தட்ட சுழியாகவே நிற்கும்; P2 கணக்கிலிருந்து கழன்றுவிடும். மிஞ்சுவது பரப்பும் தடிமனும். இந்த அளவு வாயுவால் உடலுக்குக் கெடுதல் இல்லை.

ஆனால் இந்த எண்ணைச் சுவரின் கதையாக மட்டும் படிக்கக்கூடாது. வாயு சுவரைக் கடந்தபின் ஹீமோகுளோபினோடு சேரவும் நேரம் பிடிக்கிறது. மொத்தத் தடையில் ஏறக்குறைய பாதி அங்கேதான் என்று ரௌட்டனும் ஃபார்ஸ்டரும் 1957இல் பிரித்துக் காட்டினார்கள். எனவே இரத்தசோகை இருந்தால் சுவர் நன்றாக இருந்தும் எண் குறையும். சோதனைக்கு முன் புகைபிடித்தவரின் இரத்தத்தில் ஏற்கெனவே கார்பன் மோனாக்சைடு இருப்பதால், அவருக்கும் எண் பொய்யாகத் தாழும். ஃபைப்ரோசிஸில் ஆக்சிஜன் குறைவதற்குத் தடித்த சுவரே முழுக் காரணம் என்று 1950களில் நினைத்ததும் பின்னால் திருத்தப்பட்டது. ஓய்வில் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், காற்று போகும் இடத்துக்கு இரத்தமும் இரத்தம் போகும் இடத்துக்குக் காற்றும் சரியாகப் போகாத பொருத்தமின்மை. சுவரின் பங்கு நடக்கும்போதுதான் கணிசமாக உயர்கிறது. அதனால்தான் நடக்கவைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

காரணம் தெரியாத வறட்டு இருமலோ, நடந்தால் மட்டும் வாங்கும் மூச்சோ உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ வாரக்கணக்கில் இருந்தால், உட்கார்ந்து பார்த்த ஓர் எண்ணோடு திரும்பிவிடாதீர்கள். நடந்தபின்னும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தவறும் என்பதால் அதையும் கவனித்துக்கொள்ளுங்கள். நடந்தபின் நாலு புள்ளிக்கு மேல் இறங்கினால் நுரையீரல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு சோதனைக்குப் போகும்போது அண்மையில் எடுத்த ஹீமோகுளோபின் அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்.